நிச்சயித்த பிறகு முதல் கடிதம்: எந்தத் தபால், எந்த விளிப்பு, எந்த நடை?

வைகாசியில் நிச்சயம், ஆவணியில் கல்யாணம் என்றால் நடுவில் ஆனியும் ஆடியும் கிடக்கின்றன. பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தத்தில் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டது பெரும்பாலும் இரண்டே முறைதான்: பெண் பார்க்க வந்த அன்று ஒன்று, நிச்சயத்தன்று ஒன்று. போன் எண் இருக்கும். ஆனால் "சாப்பிட்டீங்களா", "சாப்பிட்டேன்" என்பதற்கு மேல் பேச்சு நகராத ஜோடிகள் நிறைய உண்டு. பக்கத்து அறையில் வீட்டார் இருக்கும்போது வாய் இன்னும் இறுகிவிடும். அந்த நிலையில் ஒரு கடிதம் நன்றாக உதவுகிறது. எப்படி எழுதுவது என்பதில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள்.

தீர்மானிக்க வேண்டியவை நான்கு: எதில் அனுப்புவது, எப்படி விளிப்பது, எந்தத் தமிழில் எழுதுவது, என்ன எழுதுவது. ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பார்க்கலாம். மாப்பிள்ளை கோவில்பட்டிக்காரர், ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அவரைச் சரவணன் என்போம். பெண் தென்காசியில் தொடக்கப்பள்ளி ஆசிரியை, மீனா என்போம். முதல் கடிதத்தைச் சரவணன் எழுதுகிறார். யாரும் முதலில் எழுதலாம். ஆனால் மரபான வீடுகளில் பெண் முதலில் எழுதினால் அதற்கு ஒரு காரணம் தேடுவார்கள், மாப்பிள்ளை எழுதினால் தேடமாட்டார்கள். அந்தச் சுமையை அவளுக்கு வைக்காமல் மாப்பிள்ளை தொடங்கிவைப்பது நல்லது.

எதில் அனுப்புவது

வாட்ஸ்அப், இன்லண்டு, உறையிலிட்ட கடிதம் என்று மூன்று வழிகள் உண்டு.

வாட்ஸ்அப்பில் நீளமாகத் தட்டச்சு செய்து அனுப்புவது எளிது. அதில் இரண்டு குறைகள். முதலாவது, நீல டிக் விழுந்த நொடியிலிருந்து பெறுபவர்மேல் பதில் சொல்லும் கட்டாயம் ஏறிவிடுகிறது. யோசித்து எழுத வேண்டிய பதில் ஒரு கைகூப்பு எமோஜியாகச் சுருங்கிவிடும். இரண்டாவது, அது ஸ்கிரீன்ஷாட்டாகச் சித்தி வீட்டுக் குழுவரை போய்விட முடியும். கையால் எழுதிய கடிதத்தைப் படமெடுத்து அனுப்பினாலும் இதே கதிதான். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தபால் வாரக்கணக்கில் ஆகும் என்பதால் மின்னஞ்சல் பொருந்தும். மின்னஞ்சலுக்கு உடனே பதில் போடவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

இன்லண்டு தாளின் விலை 2 ரூபாய் 50 காசு. இடம் குறைவு என்பதால் வளவளவென்று எழுத முடியாது, அது அதன் பலம். பலவீனம் மடிப்பில் இருக்கிறது. பிரிக்கும்போது பசை ஒட்டிய ஓரம் கிழிந்து வரிகளின் நுனி போய்விடும். ஓரத்திலிருந்து ஒரு விரல் அகலம் விட்டு எழுதினால் தப்பலாம். பக்கவாட்டு மடிப்பின் இடைவெளி வழியாகச் சில வரிகளைப் பிரிக்காமலே படிக்கவும் முடியும். உள்ளே வேறு எதையும் வைத்து அனுப்பவும் கூடாது.

உறைதான் சரி என்பது என் முடிவு. சாதாரணத் தபாலில் 20 கிராம் வரை 5 ரூபாய் தபால்தலை போதும். ஓர் ஏ4 தாள் ஏறக்குறைய 5 கிராம், சிறிய உறையும் அதே அளவு இருக்கும். ஆகவே இரண்டு தாளும் உறையும் சேர்ந்து 15 கிராமுக்குள் அடங்கும். மூன்றாவது தாள் வைத்தால் எல்லைக்கு வந்துவிடுவோம். கனத்த தாளோ வாழ்த்து அட்டையோ சேர்ந்தால் தாண்டிவிடும். தலை குறைந்தால், குறைந்த தொகையைப் போல இரண்டு மடங்கைப் பெறுபவரிடம் தபால்காரர் கேட்பார். மாப்பிள்ளையின் முதல் கடிதத்துக்கு வாசலில் மாமியார் சில்லறை தேடும்படி ஆகக்கூடாது. ஐயம் இருந்தால் அஞ்சலகத்தில் எடை போட்டு ஒட்டுங்கள்.

போய்ச் சேர்ந்ததா என்று தெரியவேண்டும் என்பவர்கள் முன்பு பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். 2025-இல் அந்தச் சேவை விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. விரைவுத் தபாலில் அனுப்பினால் வீட்டில் யாராவது கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டியிருக்கும். அரசாங்கக் கடிதம்போல ஒரு பரபரப்பும் கூடவே வரும். முதல் கடிதத்துக்குச் சாதாரணத் தபாலே போதும். அனுப்புநர் முகவரியை மட்டும் முழுதாக எழுதிவிடுங்கள், கிடைக்காவிட்டால் திரும்பி வருவதற்கு அதுதான் வழி.

எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதில்தான் பலர் தவறான முடிவெடுக்கிறார்கள். வீட்டார் பார்க்கவேண்டாம் என்று பள்ளிக்கோ விடுதிக்கோ அனுப்புகிறார்கள். பிறகு எப்படியாவது தெரியவரும்போது, ஒன்றுமில்லாத கடிதம்கூட மறைத்த கடிதம் ஆகிவிடும். வீட்டு முகவரிக்கே, அவள் பெயருக்கே, தகப்பனார் பெயரையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். அதற்கு முன்பு, "மீனாவுக்கு ஒரு கடிதம் எழுதலாம்னு இருக்கேன்" என்று தன் அம்மாவிடம் சரவணன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அம்மா அதைச் சம்பந்தியம்மாவிடம் பேச்சோடு பேச்சாகச் சேர்த்துவிடுவார். அப்படிச் செய்த பிறகு பெரும்பாலான வீடுகளில் உறையைப் பிரிக்காமல் அவள் கையில் கொடுப்பார்கள்.

பிரிக்கவும் கூடும். ஆகவே கடிதத்தை அவள் அம்மா படித்தாலும் மீனாவுக்குக் கூச்சம் வராத அளவில் எழுதவேண்டும். அதே நேரத்தில், அவளுக்கு மட்டுமே எழுதியது என்று அவளுக்குத் தெரியவேண்டும். இனி வரும் தேர்வுகள் எல்லாவற்றையும் இந்த இரண்டையும் வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

விளிப்பும் 'நீங்க'ளும்

'மதிப்பிற்குரிய செல்வி மீனா அவர்களுக்கு' என்று தொடங்கினால் அடுத்த வரியில் 'பொருள்' என்று போடவேண்டியதுதான் பாக்கி. 'என் உயிரே', 'என்னவளே' எல்லாம் எதிர்த்துருவம். இரண்டு முறை பார்த்தவர் அப்படி எழுதினால் அந்தச் சொல்லை எங்கிருந்தோ எடுத்து ஒட்டியதுபோல் இருக்கும், அம்மா கண்ணில் பட்டால் மீனா கூசிப்போவாள். 'பிரியமுள்ள' என்பது தென்மாவட்டக் கடிதங்களில் நன்றாகப் புழங்கிய சொல்தான். ஆனால் இந்தக் கட்டத்தில் ஓரடி முன்னால் நிற்கிறது, மூன்றாம் கடிதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். 'அன்புள்ள மீனாவுக்கு' என்பதுதான் முதல் கடிதத்துக்கு அளவானது. அண்ணனும் எழுதும் விளிப்பு, தோழியும் எழுதும் விளிப்பு. அதனால்தான் யார் படித்தாலும் உறுத்தாது.

மீனா பதில் எழுதும்போது சிக்கல் சற்றுப் பெரிது. பெயர் சொல்லி எழுதுவதா என்று தயங்குவாள். 'அன்புள்ள சரவணனுக்கு' என்பது அவளுக்கு இயல்பாக இருந்தாலும் சில வீடுகளில் புருவம் உயரும். 'அன்புள்ள அத்தானுக்கு' என்பது சொந்தத்தில் முடித்த சம்பந்தமாக இருந்தால், சிறுவயதிலிருந்தே அப்படித்தான் கூப்பிட்டிருந்தால் அழகு. அந்நியத்தில் முடித்த சம்பந்தத்தில் முதல் கடிதத்திலேயே எழுதினால் இரவல் வாங்கிய உறவுபோலத் தெரியும். விளிப்பே இல்லாமல் 'வணக்கம்' என்று தொடங்குவோரும் உண்டு. அது பிழையில்லை, ஆனால் யாரோ ஒருவருக்கு எழுதியதுபோல் ஆகிவிடுகிறது. 'அன்புள்ள சரவணன் அவர்களுக்கு' என்பதே நடுவழி. 'அவர்களுக்கு' தரும் விலகலை 'அன்புள்ள' சமன் செய்துவிடும். அடுத்தடுத்த கடிதங்களில் அந்த 'அவர்கள்' தானாகவே உதிர்ந்துவிடும்.

'நீ'யா 'நீங்களா' என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. வயதில் ஐந்தாறு ஆண்டு மூத்தவராக இருந்தாலும் மாப்பிள்ளை 'நீங்கள்' என்றே எழுதவேண்டும். 'நீ' என்பதைப் பின்னால் அவள் கேட்டுக்கொண்டால் வைத்துக்கொள்ளலாம். முதலிலேயே எழுதிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. கவனிக்கவேண்டியது கலப்பு. 'நீங்கள்' என்று தொடங்கி, உணர்ச்சி வந்த இடத்தில் 'சொன்னாய்', 'உனக்கு' என்று நழுவுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. எழுதி முடித்ததும் வினைமுற்றுகளையும் முன்னிலைச் சொற்களையும் மட்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டு போங்கள். எல்லாம் 'ஈர்கள்', 'உங்கள்' என்றே இருக்கவேண்டும்.

எந்தத் தமிழ்

இதில் மூன்று வழிகளை ஒரே செய்தியை வைத்தே ஒப்பிடலாம். 'நான் இங்கு நலமாக உள்ளேன். தாங்களும் தங்கள் குடும்பத்தினரும் நலமுடன் இருக்க இறைவனை வேண்டுகிறேன்' என்பது முதல் வகை. பிழையே இல்லை, எழுதியவரும் இல்லை. 'தாங்கள்', 'உள்ளேன்', 'மேலும்', 'எனவே' ஆகிய நான்கும் வந்துவிட்டால் கடிதம் சுற்றறிக்கையாகிவிடும்.

'நான் நல்லா இருக்கேன். நீங்க எப்டி இருக்கீங்க?' என்பது இரண்டாவது. போன் செய்திக்குப் பொருந்தும் இந்த நடை, தாளில் இரண்டு பக்கம் ஓடும்போது அசிரத்தையாக எழுதியதுபோல் தோற்றம் தரும். வட்டார வழக்கும் குறுக்கே வரும். கோவில்பட்டிப் பேச்சுக்கும் தென்காசிப் பேச்சுக்கும் பெரிய தூரமில்லை. பெண் தஞ்சாவூர், மாப்பிள்ளை கொங்குநாடு என்றால் எழுத்தில் வரும் பேச்சு சில இடங்களில் மரியாதைக் குறைவாகக்கூடக் காதில் விழும்.

மூன்றாவது, எளிய எழுத்துத் தமிழ்: 'நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?' சொற்கள் பேச்சில் உள்ளவை, முடிவுகள் மட்டும் எழுத்துக்குரியவை. இதைத்தான் பரிந்துரைப்பேன். யாராவது சொன்னதை எடுத்துக்காட்டும்போது மட்டும் மேற்கோளுக்குள் பேச்சுத் தமிழை அப்படியே விடுங்கள். அந்த ஒரு வரியில் ஊரும் குரலும் வந்துவிடும், கடிதத்தின் மரியாதையும் குலையாது.

'நலம். நலமறிய ஆவல்' என்ற பழைய தொடக்கத்தைத் தேய்ந்துபோனது என்று தள்ளவேண்டியதில்லை. தொடங்கத் தெரியாத கைக்கு அது முதல் வரியைத் தந்துவிடுகிறது. அதற்கு அடுத்த வரி சொந்தமாக இருந்தால் போதும். தாளின் தலையில் பிள்ளையார் சுழியோ சிலுவையோ 786-ஓ, வீட்டு வழக்கம் எதுவோ அதைப் போடுங்கள். பெரியவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

என்ன எழுதுவது

சுயவிவரம்போல எழுதுவது ஒரு வகை: படிப்பு, வேலை, பிடித்த நிறம், பிடிக்காத உணவு. அவற்றில் பாதி ஏற்கனவே ஜாதகத்தோடு போய்விட்டன, மீதி விண்ணப்பப் படிவம்போல் இருக்கும். உணர்வை நேராகக் கொட்டுவது இன்னொரு வகை: 'உங்களைப் பார்த்த நாளிலிருந்து தூக்கமில்லை.' அதற்கு அவள் என்ன பதில் எழுதுவாள்? தனக்கும் அப்படித்தான் என்று எழுதவேண்டும், இல்லையென்றால் மௌனமாக இருக்கவேண்டும். இரண்டுமே அவளுக்குச் சங்கடம். இவ்வகைக் கடிதங்களுக்குப் பதில் தாமதமாவதும், ஒற்றை வரியில் வருவதும் பெரும்பாலும் இதனால்தான். அவளுக்கு விருப்பமில்லை என்று மாப்பிள்ளை தவறாக நினைத்துக்கொள்வார்.

மூன்றாவது வகை, தான் கவனித்த ஒன்றைச் சொல்லி, தன் ஒரு நாளைக் காட்டி, பதில் சொல்ல எளிதான கேள்வி இரண்டு மூன்று கேட்பது. இதில் அன்பு என்ற சொல் வரவேண்டிய தேவையே இல்லை. இரண்டு தாளில், ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அடங்கும் அளவு போதும். சரவணனின் கடிதம் இந்த வகையில் இப்படி அமையலாம்:

> உ
>
> ஓசூர்
> ஞாயிறு காலை
>
> அன்புள்ள மீனாவுக்கு,
>
> நலம். நீங்களும் வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.
>
> போனில் பேசும்போது எனக்குச் சட்டென்று பேச்சு வருவதில்லை. எழுதினால் நிதானமாகச் சொல்லலாம் என்று தோன்றியது. அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.
>
> நிச்சயத்தன்று எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆச்சி காபி குடிப்பதில்லை என்பதை எங்கள் வீட்டுக்காரர்களே மறந்துவிட்டோம். நீங்கள்தான் அருகில் வந்து, "ஆச்சி, வெந்நி கொண்டுவரட்டா?" என்று கேட்டீர்கள். திரும்பி வரும்போது வேனில் ஆச்சி அதை இரண்டு முறை சொன்னார். எனக்கும் அது மனத்தில் நின்றுவிட்டது.
>
> எனக்கு இந்த வாரம் இரவு ஷிப்டு. காலை ஏழு மணிக்கு அறைக்கு வந்து, தோசை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவேன். நண்பர் ஒருவரும் நானும் முறை வைத்துச் சமைக்கிறோம். சாம்பார் என் பொறுப்பு, ரசம் அவர் பொறுப்பு. மாலையில் நேரம் கிடைத்தால் சந்திர சூடேஸ்வரர் மலைக்கு நடந்து போவோம். மேலே நின்றால் ஊர் முழுவதும் தெரியும்.
>
> இங்கே வீடு பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். தரைத்தளமா, மாடியா, உங்களுக்கு எது வசதி? அவசரமில்லை, ஆடி முடிவதற்குள் சொன்னால் போதும்.
>
> பள்ளி திறந்திருப்பார்களே, இந்த ஆண்டு உங்களுக்கு எந்த வகுப்பு? குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதா?
>
> மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தம்பியை விசாரித்ததாகச் சொல்லுங்கள். நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.
>
> அன்புடன்,
> சரவணன்

இதில் மீனாவின் அழகைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வெந்நீர் விஷயம் அதைவிட அதிகம் செய்கிறது. கூட்டத்தில் அவர் தன்னைக் கவனித்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிகிறது. அம்மா படித்தாலோ, மகளை அந்த வீட்டு ஆச்சிக்குப் பிடித்திருக்கிறது என்ற செய்தியாகப் போய்ச் சேர்கிறது. 'நீங்கள் மிகவும் நல்ல குணமுடையவர்' என்று எழுதியிருந்தால் இரண்டும் நடந்திருக்காது. அப்படி ஒன்று நினைவுக்கு வரவில்லையென்றால் இட்டுக்கட்டாதீர்கள். அவள் கையிலிருந்த புத்தகமோ, வாசலில் கண்ட கோலமோ, தம்பியைக் கூப்பிட்ட செல்லப்பெயரோ, மெய்யாகப் பார்த்த சின்ன விஷயம் எதுவானாலும் போதும்.

கேள்விகள் மூன்றும் மூன்று எடையில் இருக்கின்றன. சாரல் பற்றியது ஒரு வரியில் பதில் சொல்லக்கூடியது. வகுப்பைப் பற்றியது அவள் விரும்பினால் ஒரு பக்கம் எழுத இடம் தருவது. வீட்டைப் பற்றியது நிஜமான முடிவு ஒன்றில் அவளைச் சேர்த்துக்கொள்வது, அதற்குக் கெடுவும் தளர்வாக இருக்கிறது. 'கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போவீர்களா?' என்பதும் கேட்கவேண்டியதுதான், ஆனால் முதல் கடிதத்தில் அல்ல. தாளில் பார்த்தால் அது கேள்வியாக இராது, நிபந்தனையாகத் தோன்றும். அதை நேரிலோ போனிலோ, குரலின் தன்மை தெரியும்படி கேட்பதே முறை. ஓசூர்ப் பக்கம் பள்ளிகள் எப்படி என்று விசாரித்துவைத்ததை இரண்டாம் கடிதத்தில் செய்தியாக எழுதினால், அவளே அந்தப் பேச்சைத் தொடங்க வழி கிடைக்கும். நகை, சீர், மண்டபச் செலவு, இதற்கு முன் வந்துபோன வரன்கள், நிச்சயத்தன்று யாருக்கோ மரியாதை குறைந்தது ஆகியவை எந்தக் கடிதத்திலும் வேண்டாம். பெரியவர்கள் பேசி முடித்தவற்றை இவர்கள் தாளில் மறுபடி திறந்தால் அது எழுத்துப்பூர்வமான சாட்சியாகத் தங்கிவிடும்.

'மாமா', 'அத்தை' என்று எழுதலாமா என்று சிலர் கேட்பதுண்டு. நிச்சயத்தன்று அப்படிக் கூப்பிட்டிருந்தால் எழுதலாம். கூப்பிட வாய்ப்பே அமையவில்லையென்றால் 'அப்பா, அம்மாவுக்கு என் வணக்கம்' என்பது எந்த வீட்டிலும் பொருந்தும். 'உங்கள் பெற்றோர்' என்பது மட்டும் வேண்டாம், அது ஒரே சொல்லில் அவர்களைத் தள்ளி நிறுத்திவிடும்.

முடிப்பில் 'இப்படிக்கு' என்று மட்டும் போட்டால் வறண்டுபோகும், 'என்றும் உங்கள்' என்பது இப்போதைக்குக் கூடுதல். 'அன்புடன்' போட்டு, முழுப்பெயரோ முதலெழுத்தோ இல்லாமல் வீட்டில் அழைக்கும் பெயரை எழுதுங்கள். அலுவலகக் கையெழுத்தைப் போடாதீர்கள். நீலம் அல்லது கறுப்புப் பந்துமுனைப் பேனாவே நல்லது. சாரல் காலத்தில் தென்காசிக்குப் போகும் உறை நனைந்தால் மைப்பேனா எழுத்து கரைந்து பரவிவிடும்.

மீனாவின் பதில் அவர் கடிதத்தின் நீளத்தில் பாதி இருந்தாலும் நிறைவுதான். கேட்டவற்றுக்கு விடை சொல்லி, தன் பங்குக்கு ஒரு கேள்வி சேர்த்தால் போதும். "இந்த ஆண்டு இரண்டாம் வகுப்பு. முப்பத்திரண்டு பிள்ளைகள், அதில் மூன்று பேருக்கு ஒரே பெயர். மாடியானால் ஆச்சி வந்து தங்கும்போது ஏறச் சிரமப்படுவார்கள், தரைத்தளமே பாருங்கள்" என்று அவள் எழுதினால் அதைவிடக் கனிவான பதிலை எந்தக் கவிதையிலும் தேடவேண்டாம். பதில் வர பத்து நாள் ஆனாலும் இடையில் போனில் "கடிதம் வந்துச்சா?" என்று ஒருமுறைக்கு மேல் கேட்கவேண்டாம். பதில் எழுதவில்லையே என்றும் கேட்கவேண்டாம். கடிதம் வந்தது என்று அவளே போனில் சொல்லி, அதிலுள்ள ஆச்சி கதையைப் பேசத் தொடங்கினால், அதையே பதிலாக எடுத்துக்கொண்டு பேச்சைத் தொடரலாம். சிலருக்கு எழுதுவதைவிடப் பேசுவதுதான் வரும்.